அதிரசப் பொட்டலத்தில் 200 சி.சி. சாஷே எத்தனை நாள் தாங்கும்?

பேக்கேஜிங் டெக்னாலஜி படிக்கும் பிள்ளைகளுக்குக் கிண்டிப் பக்கம் மாலை வகுப்பு எடுக்கிறேன். "ஆக்டிவ் பேக்கேஜிங், இன்டெலிஜென்ட் பேக்கேஜிங் இரண்டையும் வேறுபடுத்துக" என்று கேட்டால் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். முன்னது பொட்டலத்துக்குள் ஏதோ ஒரு வேலையைச் செய்யும், பின்னது உள்ளே நடப்பதைச் சொல்லும். எடுத்துக்காட்டாக ஆக்சிஜன் ஸ்கேவெஞ்சர், ஃப்ரெஷ்னெஸ் இண்டிகேட்டர். ஆறு மார்க் கைக்கு வந்துவிடும். ஆனால் ஸ்கேவெஞ்சர் என்று பொட்டலத்துக்குள் போடும் அந்தச் சின்ன சாஷே எவ்வளவு ஆக்சிஜனைத் தின்னும், எத்தனை நாளுக்குத் தின்னும் என்று அடுத்த கேள்வி போட்டால் பேனா நின்றுவிடுகிறது. அதனால் போன தீபாவளிக்கு முன்னால் மாதிரித் தேர்வுக்கு ஒரு கேள்வியை நானே உருவாக்கினேன். அதை இங்கே முழுதாகப் போட்டுப் பார்க்கிறேன்.

கேள்வி இதுதான். ஒரு பலகாரக்காரர் 250 கிராம் அதிரசத்தை 20 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பையில் அடைக்கிறார். சீல் செய்த பின் பையின் மொத்தக் கொள்ளளவு 750 மில்லி. அதிரசத்தின் நீர்ச்செயல்பாடு, அதாவது நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் ஈரத்தின் அளவு, 0.75. 60 நாள் கெடாமல் இருக்க வேண்டும். உள்ளே 200 சி.சி. திறனுள்ள ஆக்சிஜன் உறிஞ்சும் சாஷே ஒன்று. பைக்கு மூன்று ஃபிலிம்கள் கிடைக்கின்றன. அவற்றின் ஆக்சிஜன் ஊடுருவல், அதாவது ஓ.டி.ஆர்., சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு முறையே 1200, 100, 1 சி.சி. எந்த ஃபிலிம் பொருந்தும்? சாஷே போதுமா? கூடவே, இந்தப் பொட்டலத்துக்கு எந்த இண்டிகேட்டர் வைப்பீர்கள்?

அதிரசத்தை நான் வேண்டுமென்றே எடுத்தேன். முறுக்கு என்று கொடுத்திருந்தால் பாதிப் பேர் தப்பான எதிரியைத் துரத்தியிருப்பார்கள். சென்னைக் காற்றில் முறுக்கு முதலில் நமத்துத்தான் போகும். அது நீராவியின் வேலை, ஆக்சிஜன் உறிஞ்சி அதைத் தடுக்காது. அதிரசம் அப்படியில்லை. வெல்லப் பாகு, அரிசி மாவு, எண்ணெய் மூன்றும் சேர்ந்த மெத்தென்ற பண்டம். அதற்கு இரண்டு ஆபத்து உண்டு: மேலே பூஞ்சை பூப்பது, எண்ணெய் காறிப்போவது. இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆகவே ஆக்சிஜனை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே அடியில் அடங்கும். சாஷேக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் இது.

சாஷேக்குள் இருப்பது பெரும்பாலும் நைசான இரும்புத் தூள், கொஞ்சம் உப்பு, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள். தூள் கொட்டாமல் காற்றை மட்டும் உள்ளே விடும் உறையில் அதை மூடியிருப்பார்கள். நடப்பது துருப்பிடித்தல், அவ்வளவுதான். 1977இல் ஜப்பானின் மித்சுபிஷி கேஸ் கெமிக்கல் 'ஏஜ்லெஸ்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

```
4Fe + 3O2 + 6H2O → 4Fe(OH)3
```

இந்தச் சமன்பாட்டை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன், அதிலிருந்து ஒரு எண் கிடைக்கிறது. நான்கு மோல் இரும்பு ஏறக்குறைய 223 கிராம். அது மூன்று மோல் ஆக்சிஜனை, அதாவது சுமார் 67 லிட்டரைத் தின்கிறது. வகுத்தால் ஒரு கிராம் இரும்புக்கு 300 சி.சி. ஆக்சிஜன். சாஷேயின் மேல் 200 என்று போட்டிருந்தால் அது காற்றின் அளவல்ல, ஆக்சிஜனின் அளவு என்பதும் இதிலேயே தெளிவாகும். சமன்பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் இது நடக்காது. உணவின் ஈரத்தை நம்பி வேலை செய்யும் சாஷே ஒரு வகை, அதற்கு ரொட்டி போல நல்ல ஈரமுள்ள பண்டம் வேண்டும். தன் ஈரத்தைத் தானே கொண்டுவரும் சாஷே இன்னொரு வகை. 0.75 நீர்ச்செயல்பாடுள்ள அதிரசத்துக்கு இரண்டாவது வகைதான் சரி. முதல் வகையைப் போட்டால் சாஷே பேசாமல் படுத்துக்கிடக்கும், பூஞ்சை தன் வேலையைப் பார்க்கும்.

இப்போது கணக்கு. அதிரசத்தின் அடர்த்தியைத் தோராயமாக ஒன்று என்று கொண்டால் 250 கிராம் அதிரசம் 250 மில்லி இடத்தைப் பிடிக்கும். மீதி 500 மில்லி வெறும் காற்று. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், ஆக 105 சி.சி. சீல் செய்த நிமிடத்தில் உள்ளே மாட்டிக்கொண்ட ஆக்சிஜன் இவ்வளவுதான். 200 சி.சி. சாஷே இதைச் சுலபமாகத் தின்றுவிடும். பல மாணவர்கள் இங்கேயே கோடு போட்டு, "போதும்" என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஒருவன் என்னிடமே வந்து கேட்டான்: "சாஷேதான் எல்லாத்தையும் உறிஞ்சிடுதே சார், அப்புறம் ஃபிலிம் எதுவா இருந்தா என்ன?"

ஃபிலிம் ஒரு சுவர் என்று நினைப்பதால் வரும் கேள்வி அது. எந்தப் பிளாஸ்டிக்கும் ஆக்சிஜனுக்கு முழுச் சுவரல்ல. உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் போனதுமே வெளியிலிருந்து அது உள்ளே நுழைய ஆரம்பிக்கும். சாஷே உள்ளே வரவரத் தின்னும், தன் கொள்ளளவு தீரும்வரை. ஆகவே கேட்க வேண்டியது முதல் நாள் கணக்கை அல்ல, 60 நாள் கணக்கை.

பையின் பரப்பு இரண்டு பக்கமும் சேர்த்து 0.1 சதுர மீட்டர். இங்கேதான் இந்தக் கேள்வியின் பொறி இருக்கிறது. ஆய்வகத்தில் ஓ.டி.ஆர். அளக்கும்போது ஃபிலிமின் ஒரு பக்கம் வழக்கமாகச் சுத்த ஆக்சிஜனைச் செலுத்துகிறார்கள். ஏ.எஸ்.டி.எம். டி3985 முறை அப்படித்தான். ஆனால் கடை அலமாரியில் பொட்டலத்தைச் சுற்றியிருப்பது சுத்த ஆக்சிஜன் அல்ல, வெறும் காற்று. அதனால் தாளில் உள்ள எண்ணை 0.21 ஆல் பெருக்க வேண்டும். இதை மறந்தால் விடை ஏறக்குறைய ஐந்து மடங்கு வீங்கிவிடும்.

நடு ஃபிலிமை எடுங்கள். 12 மைக்ரான் பாலியெஸ்டரும் பாலித்தீனும் ஒட்டிய சாதாரண லேமினேட்டுக்கு ஓ.டி.ஆர். 100 என்பது பழகிய எண். 100 பெருக்கல் 0.1 பெருக்கல் 0.21 என்றால் நாளொன்றுக்கு 2.1 சி.சி. 60 நாளில் 126 சி.சி. ஆரம்பத்து 105ஐயும் கூட்டினால் 231 சி.சி. நம்மிடம் இருப்பது 200. முதலில் 105 போக மீதி 95 சி.சி. திறனை நாளுக்கு 2.1 வீதம் செலவழித்தால் 45ஆம் நாள் சாஷே தீர்ந்துவிடும். கடைசிப் பதினைந்து நாளும் பொட்டலத்துக்குக் காவல் இல்லை. 0.21ஐ மறந்தவர்களுக்கு 60 நாளில் 600 சி.சி. வந்து, மொத்தம் 705 என்று 1000 சி.சி. சாஷேயைத் தேடி ஓடினார்கள். பண்டம் கெடாது என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் தேவையில்லாமல் காசு போகும்.

முதல் ஃபிலிம் பி.ஓ.பி.பி.யும் பாலித்தீனும் சேர்ந்தது. தி.நகர், மயிலாப்பூர் பலகாரக் கடைகளில் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்குமே, அந்த ரகம். அதற்கு நாளொன்றுக்கு 25.2 சி.சி. உள்ளே வருகிறது. மீதமுள்ள 95 சி.சி. நாலு நாள்கூடத் தாங்காது. 60 நாளைக்கு வேண்டுமென்றால் 1600 சி.சி.க்கு மேல் திறன் தேவை, அப்புறம் பையில் அதிரசத்துக்கு எங்கே இடம்? மூன்றாவது, மெட்டலைஸ்டு பாலியெஸ்டர் லேமினேட். அதில் 60 நாளும் சேர்த்து நுழைவது 1.3 சி.சி.தான். மொத்தம் 107 சி.சி.க்குள். 200 சி.சி. சாஷே பாதித் திறன் மீதியோடு உட்கார்ந்திருக்கும்.

ஒரே சாஷே ஒரு பையில் நாலு நாள், இன்னொன்றில் 45 நாள், மூன்றாவதில் முழுக் காலமும். இதை எழுதிக் காட்டியவர்களுக்கு நான் முழு மார்க் கொடுத்தேன். இரண்டாவது ஃபிலிமோடு 300 சி.சி. சாஷே என்று எழுதியிருந்தாலும் சரியான விடைதான்.

ஆனால் நடைமுறைக்கு அந்த 300 போதாது, அதற்குக் காரணம் நம் ஊர். ஓ.டி.ஆர். எண்ணைப் பொதுவாக 23 டிகிரியில் அளக்கிறார்கள். சென்னையில் மின்விசிறிகூட இல்லாத ஒரு கிடங்கில் வருடத்தில் பல மாதம் 33 டிகிரி சாதாரணம். பாலியெஸ்டரின் ஊடுருவல் 10 டிகிரி கூடினால் சுமார் ஒன்றரை மடங்கு ஆகிறது. அப்போது நாளுக்கு 2.1 என்பது 3.15 ஆகும், 60 நாளில் 189, மொத்தம் 294. முந்நூறு சி.சி. சாஷேயைக் கத்தி முனையில் நிறுத்தி வைத்த மாதிரி. நானாக இருந்தால் 500 சி.சி.க்குப் போவேன், அல்லது மெட்டலைஸ்டு ஃபிலிமுக்கு மாறி 200இலேயே நிற்பேன். அதிரசம் வெளியே தெரிய வேண்டும் என்று கடைக்காரர் கேட்பார், அதுவும் நியாயம்தான். ஆனால் ஒளியும் எண்ணெயைக் காறவைக்கும் என்பதால் நான் பின்னதையே சொல்வேன்.

கணக்கு சரியாக இருந்தும் பொட்டலம் கெடுவதுண்டு. ஒருமுறை ஒரு சிறு தயாரிப்பாளர், பெயர் வேண்டாம், பூஞ்சை பூத்த அதிரசப் பொட்டலங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஃபிலிம் நல்லது, சாஷே நல்லது, கணக்கில் பிழையில்லை. அவர் பேக்கிங் செய்யும் இடத்துக்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். சாஷேக்கள் நூறு நூறாகக் காற்றில்லாத பெரிய உறையில் வரும். காலையில் அந்த உறையை வெட்டி, ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டி வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து வந்து மீதியைப் போட ஆரம்பித்தார்கள். தட்டில் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. துருப்பிடித்தல் சூட்டை வெளிவிடும் வினை, ஆகவே அந்தச் சூடே சாட்சி. சாஷேக்கள் அறைக் காற்றைத் தின்று பாதி தீர்ந்திருந்தன. உறையைப் பிரித்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீதியை உடனே திரும்ப சீல் செய்ய வேண்டும். விரலால் அமுக்கினால் தூளாக நழுவும் சாஷே உயிரோடு இருப்பது. கட்டியாக, கல் மாதிரி இறுகியிருந்தால் தீர்ந்தது.

இன்னொரு ஓட்டை சீலில் இருக்கும். அதிரசத்தின் எண்ணெய் பையின் வாயில் தடவிவிட்டால் சீல் பார்வைக்கு நன்றாக இருக்கும், நடுவில் மயிரிழை வழி ஒன்று திறந்திருக்கும். ஓ.டி.ஆர். எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வழி சாஷேயை ஒரே நாளில் காலி செய்துவிடும். பையைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது பழைய முறை, இன்றைக்கும் உதவும்.

பொட்டலத்தைப் பார்த்தே ஒன்றைச் சொல்லிவிடலாம். 105 சி.சி. ஆக்சிஜன் மறைந்தால் 750 மில்லிப் பை ஏழில் ஒரு பங்கு சுருங்கும். மறுநாள் பை கொஞ்சம் தொய்ந்து ஒட்டிக்கொண்டால் சாஷே வேலை செய்கிறது என்று அர்த்தம். கடைக்காரர்கள் இதைப் பார்த்து "காத்து போயிடுச்சு" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மாறாக, பை உப்பினால் கவலைப்படுங்கள். சர்க்கரையைத் தாங்கும் ஈஸ்ட் ஆக்சிஜன் இல்லாமலும் வளர்ந்து கார்பன் டை ஆக்சைடு விடும். சாஷேயால் அதை ஒன்றும் செய்ய முடியாது. பாகின் பதத்திலும் மாவின் ஈரத்திலும்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

இதே சாஷேயைப் பனீருக்கோ வேகவைத்த மரவள்ளிக்கோ போட்டு அறை வெப்பத்தில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும் பாக்டீரியா. ஈரமும் குறைந்த புளிப்பும் அதற்குப் பிடித்தவை. ஆக்சிஜனை எடுத்து அதற்கு வசதி செய்துகொடுத்த மாதிரி ஆகிவிடும். நீர்ச்செயல்பாடு 0.93க்குக் கீழே போனால் அதனால் வளர முடியாது. 0.75 உள்ள அதிரசத்துக்கு அந்தப் பயமில்லை, கேள்வியில் அந்த எண்ணைக் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். சாஷேயின் மேல் "உண்ணக் கூடாது" என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்க வேண்டும் என்பதையும் விடையில் எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 450/2009 விதி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பல வீடுகளில் குழந்தைகளின் கையில்தான் பொட்டலம் பிரிகிறது.

இனி இண்டிகேட்டர். "அதிரசத்துக்கு ஃப்ரெஷ்னெஸ் இண்டிகேட்டர் வைப்பேன்" என்று எழுதியவர்கள் அதிகம். அது என்ன படிக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. ஃப்ரெஷ்னெஸ் இண்டிகேட்டர் என்ற பெயருக்கு உரியது, உணவு கெடும்போது அதிலிருந்தே பிறக்கும் ஒரு பொருளைத் தொட்டு நிறம் மாறுவது. அதிரசத்தில் பூஞ்சை பூப்பதை அப்படி நம்பகமாகக் காட்டும் ஆவி எதுவும் கையில் இல்லை. நமக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஆக்சிஜன் திரும்ப நுழைந்ததா என்பதுதான். அதற்கு ஆக்சிஜன் இண்டிகேட்டர் மாத்திரை இருக்கிறது. மெத்திலீன் நீலச் சாயத்தை குளுக்கோஸ் நிறமிழக்கச் செய்துவிடும், கூடவே சேர்த்த சிவப்புச் சாயம் மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆக்சிஜன் வந்தால் நீலம் திரும்பும். ஏறக்குறைய 0.1 சதவீதத்துக்குக் கீழே இளஞ்சிவப்பு, 0.5க்கு மேலே நீலம். ஆக்சிஜன் போய் இளஞ்சிவப்பாக மாறச் சில மணி நேரம் பிடிக்கும், ஆக்சிஜன் வந்து நீலமாவது நிமிடக் கணக்கு. ஆகவே சீல் செய்த உடனே நீலமாக இருப்பதைப் பார்த்துப் பொட்டலத்தை ஒதுக்காதீர்கள், மறுநாள் பாருங்கள். இந்த மாத்திரை பொட்டலம் கெட்டதா என்று சொல்லும், பண்டம் கெட்டதா என்று சொல்லாது. ஒருமுறை ஆக்சிஜன் நுழைந்து பூஞ்சை துளிர்த்து, பூஞ்சையே அந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டால் மாத்திரை மறுபடி இளஞ்சிவப்பாகத் தோன்றவும் கூடும்.

உண்மையான ஃப்ரெஷ்னெஸ் இண்டிகேட்டரைப் பார்க்க வேண்டுமானால் அதிரசத்தை விட்டு மீனுக்கு வர வேண்டும். காசிமேட்டில் இறங்கும் கடல் மீனின் சதையில் டிரைமீத்தைலமீன் ஆக்சைடு என்ற பொருள் உண்டு. பாக்டீரியா அதை டிரைமீத்தைலமீனாக மாற்றும். பழைய மீனின் வாடை பெரும்பாலும் அதுதான். அது ஆவியாகும், காரத்தன்மை உள்ளது. பொட்டலத்தின் மூடிக்குள் புரோமோகிரெசால் கிரீன் என்ற சாயப் பட்டை ஒட்டியிருந்தால் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறும். சங்குப்பூவிலும் சிவப்பு முட்டைக்கோஸிலும் உள்ள ஆந்தோசயனின் சாயத்தையும் இதற்குப் பயன்படுத்தி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஏரி மீனில், கட்லா, ரோகுவில், டிரைமீத்தைலமீன் ஆக்சைடு மிகக் குறைவு. அதனால் கடல் மீனுக்கு அளவிட்ட பட்டையை அப்படியே அதற்கு ஒட்டினால் காலம் தாழ்த்திச் சொல்லும்.

அதைவிட முக்கியமான எல்லை ஒன்று உண்டு. இதை எழுதிய மாணவி ஒருத்தியின் தாளை நான் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினேன். சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் ஹிஸ்டமின் உண்டாகும். முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பெல்லாம் தடிக்கும் நஞ்சு அது. சமைத்தாலும் அழியாது. ஆவியாகவும் ஆகாது. ஆவியை மட்டுமே மோப்பம் பிடிக்கும் பட்டை அதைப் பார்க்காது. மீனில் ஹிஸ்டமின் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கும்போதும் பட்டை மஞ்சளாகவே இருக்கலாம்.

இங்கே உதவுவது வேறொரு வகை, டைம்-டெம்பரேச்சர் இண்டிகேட்டர். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் பார்த்திருப்பீர்கள். 1996 முதல் வாய்வழி போலியோ மருந்தோடு அது வருகிறது. சூடு படப்பட உள்சதுரம் கருக்கும், வெளிவட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைப் போடக் கூடாது. அது மருந்தைத் தொடுவதேயில்லை, பட்ட சூட்டையும் நேரத்தையும் மட்டும் கூட்டிக்கொண்டே போகிறது. தேர்வில் இதை ஃப்ரெஷ்னெஸ் இண்டிகேட்டர் என்று எழுதினால் மார்க் போய்விடும், ஆனால் வஞ்சிரத்துக்கு நம்பத்தக்கது இதுதான். ஹிஸ்டமின் உருவாவதே சூடும் நேரமும் சேர்ந்த கணக்கு என்பதால். ஒரே ஒரு நிபந்தனை: படகிலிருந்து இறங்கிப் பெட்டியில் ஐஸ் போடும்போதே அதை ஒட்ட வேண்டும். கடையில் பேக் செய்யும் மேஜையில் ஒட்டினால், அதற்கு முன்பு மீன் வெயிலில் கிடந்த மணி நேரங்கள் அதன் கணக்கில் வராது.